பத்து ரூபாய்த் திர்ஹாம்

என் அப்பா ஞானதுரை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். 1982இல் ஷார்ஜாவுக்குப் போனார். ஒரு சிமெண்ட் ஆலையில் பம்புகளையும் வால்வுகளையும் பழுது பார்க்கும் வேலை. 1996 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் அவர் நாலு முறை ஊருக்கு வந்தார். நல்ல வேலைக்காரர். குடிக்கமாட்டார். ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போவார். அவரிடம் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. சகலை மீது அவருக்குப் பொறாமை.

சகலை என்றால் எலியேசர் சித்தப்பா. அம்மா கிருபாபாயின் தங்கை பரிபூரணத்தைக் கட்டியவர். அப்பாவும் அவரும் ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். ஒரே ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, ஒரே விமானத்தில் போனார்கள். ஷார்ஜாவில் ஒரே அறை. மேல் கட்டில் சித்தப்பாவுக்கு, கீழ்க் கட்டில் அப்பாவுக்கு. சம்பளம்கூட ஒன்றுதான். அதனால்தான் பொறாமைக்கு வசதியாகப் போயிற்று. ஒப்பிட வேறு எதையும் கழிக்க வேண்டியதில்லை.

1984 ஆகஸ்டில் முதல் விடுமுறைக்கு வந்தபோது, ஏஜெண்டு கடன் போக ஆளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹாம் மிச்சம். அப்போது ஒரு திர்ஹாம் மூன்று ரூபாய் பத்துக் காசு. இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டு பேரும் சைக்கிளில் மலையடிப்பட்டிப் பக்கம் போய், சுப்புராஜ் என்பவர் பிளாட் போட்டிருந்த இடத்தைப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை, ஐந்து ஐந்து சென்ட். மனை இருபத்தைந்தாயிரம். மேலே ஐயாயிரம் கடன் வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஏஜெண்டு கடனை அப்போதுதான் அடைத்திருந்தார்கள். இன்னொரு கடன் வேண்டாமென்று இருவருமே திரும்பிவிட்டார்கள்.

அப்பா தன் பணத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் பாங்கில் பிக்சட் டெபாசிட்டாகப் போட்டார். ராஜபாளையம் பாங்கில் போட்டால் கவுண்டரில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் ஆலைக்காரர்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், கைமாற்றுக்கு ஆள் வரும் என்பது அவர் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஷார்ஜாவிலிருந்து அவர் அனுப்பும் டிராஃப்ட் எப்போதும் அம்மா பெயரில்தான் வரும். டெபாசிட்டும் அம்மா பெயரிலேயே ஆயிற்று. வேறு எப்படியும் செய்யலாம் என்று அவர் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பதினோரு சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அசலோடு சேரும். ஆறரை வருடத்தில் இரட்டிப்பு.

சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. தன் பணத்தைத் திரும்பவும் ஷார்ஜாவுக்கே கொண்டுபோய் அங்கே ஒரு பாங்கில், தன் பெயரில் மட்டும், திர்ஹாமாகவே போட்டு வைத்தார். வட்டி ஏழு சதவீதம். அப்பா சிரித்தார். பதினொன்று பெரிதா ஏழு பெரிதா என்று கேட்டார். சித்தப்பா காரணத்தை மறைக்கவில்லை.

"பரிபூரணம் கையில காசு நின்னா அவ அண்ணன் ராபர்ட்டு வாசல்ல வந்து நிப்பான், அண்ணாச்சி. அவ இல்லன்னு சொல்லமாட்டா. நாளைக்கு நான் வந்து பாத்தா பம்புசெட் கடை ஒண்ணு இருக்கும், ரூவா இருக்காது."

ராபர்ட் மாமா சுந்தரபாண்டியத்தில் அப்போது ஒரு கடை வைத்து மூடி, அடுத்த கடைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவர் அம்மாவிடமும் கேட்டிருக்கிறார். அம்மா கொடுக்கவில்லை. டெபாசிட் ரசீதை உடைக்கவே இல்லை.

ஆக, இரண்டு சகலைகள். ஒருவர் மனைவியை நம்பி ரூபாயில் போட்டார். ஒருவர் மனைவியை நம்பாமல் திர்ஹாமில் போட்டார். நாணய மாற்று விகிதம் எப்படிப் போகும் என்று இருவரில் யாருக்கும் தெரியாது. பின்னால் அப்பாவைத் தின்றது இதுதான்.

1991 ஜனவரியில் டெபாசிட் முதிர்ந்தது. நாற்பதாயிரத்துச் சொச்சம். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கையெழுத்துப் போட்டு அதே வட்டிக்குப் புதுப்பித்துவிட்டு வந்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது அப்பா சந்தோஷமாக இருந்தார். அறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்.

ஜூலையில் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. மூன்று நாள் இடைவெளிக்குள் இரண்டு தடவை. முந்தின வாரம் ஐந்தே முக்கால் ரூபாயாக இருந்த திர்ஹாம் ஏழு ரூபாய் ஆயிற்று. அப்பாவோடு இருந்தவர்கள் பின்னால் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அன்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூட்டம். அறைக்குத் திரும்பி வந்ததும் சித்தப்பா மேல் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தன் டெபாசிட் இப்போது எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது என்று அறையில் எல்லோரும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அந்த டிசம்பரில் இருவரும் ஒன்றாக விடுமுறைக்கு வந்தார்கள். வந்த மூன்றாம் நாளே அப்பா என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பாங்குக்குப் போனார். நான் அப்போது பெண்கள் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். காசிராஜன் என்று ஒரு அதிகாரி இருந்தார். பொறுமையானவர். அப்பா அவரிடம் கேட்டது இதுதான்: இந்த டெபாசிட்டை முடித்துத் திர்ஹாமாக மாற்றி ஷார்ஜாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முடியாது என்றார் காசிராஜன். இது உள்நாட்டில் வசிக்கும் ஒருவர் பெயரில் உள்ள ரூபாய் டெபாசிட். வெளியே போகாது. அப்பா தன் பெயரில், வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.இ. கணக்கு திறந்திருந்தால் வட்டி இன்னும் இரண்டு சதவீதம் கூடக் கிடைத்திருக்கும். நினைத்தபோது அன்றைய விலைக்குத் திரும்ப எடுத்துப் போகவும் முடிந்திருக்கும்.

"ஏழு வருசமா இதை யாரும் எனக்குச் சொல்லலையே சார்."

"நீங்க இந்தப் பக்கமே வரலையே. அம்மாதான் வருவாங்க. அவங்க உள்ளூர்க்காரங்க, அவங்க கணக்கு சரியாத்தான் இருக்கு."

அப்புறம் காசிராஜன் ஒரு காரியம் செய்தார். உதவியாக நினைத்துத்தான் செய்தார். ஒரு வாதத்துக்கு மாற்ற முடிகிறதென்றே வைத்துக்கொள்வோம் என்று கால்குலேட்டரை எடுத்தார். அன்றைக்கு டெபாசிட்டின் மதிப்பு நாற்பத்து நாலாயிரம். ஏழால் வகுத்தார். ஆறாயிரத்து முந்நூறுக்கும் குறைவான திர்ஹாம். 1984இல் அப்பா போட்டதே ஆறாயிரத்து ஐந்நூறு. ஏழு வருடம் வட்டி சேர்ந்தும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை.

அப்பா கால்குலேட்டரை வாங்கித் தானும் ஒரு முறை வகுத்துப் பார்த்தார். சித்தப்பாவின் ஆறாயிரத்து ஐந்நூறு ஏழு சதவீதத்தில் பத்தாயிரத்து அறுநூறைத் தாண்டியிருந்தது. ஏழால் பெருக்கினால் எழுபத்தைந்தாயிரத்தைத் தொடும்.

காசிராஜன் அவரைத் தேற்றப் பார்த்தார். நீங்கள் செலவு செய்யப்போவது ராஜபாளையத்தில்தானே, திர்ஹாமில் ஏன் எண்ணுகிறீர்கள் என்றார். அது நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருந்தது, அதை நான் பின்னால் போட்டுப் பார்த்தேன். அந்த ஏழு வருடத்தில் விலைவாசி ஏறக்குறைய எண்பத்தைந்து சதவீதம் ஏறியிருந்தது. இருபதாயிரத்துக்கு 1984இல் வாங்கிய அரிசியும் துணியும் வாங்க இப்போது முப்பத்தேழாயிரம் வேண்டும். நாற்பத்து நாலாயிரத்தில் மீதி ஏழாயிரம்தான் உண்மையான வட்டி. பணம் இரட்டித்தது, ஆனால் வளரவில்லை. அம்மாவிடம் தப்பில்லை. பாங்கிடமும் தப்பில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அம்மாவைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து.

"பெண்டாட்டிய நம்பாதவனுக்கு எழுபத்தஞ்சு. நம்புனவனுக்கு நாப்பத்தி நாலு."

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான், "நான் ஒரு பைசா எடுக்கலையே" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் சித்தப்பா சுப்புராஜிடம் மனை வாங்கினார். எழுபத்தைந்தாயிரம். எந்த இரண்டு மனைகளை இருவரும் சைக்கிளில் போய்ப் பார்த்தார்களோ அவற்றில் கிழக்குப் பக்கத்து மனை. பத்திரப்பதிவுக்கு அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைக்கும்போது மேற்கு மனை என்ன விலை என்று சுப்புராஜிடம் கேட்டார். அதே விலைதான், ஆனால் அடுத்த வருடம் இதே விலை இருக்காது என்றார் சுப்புராஜ். ஞானதுரைக்காக வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார்.

மேற்கு மனைதான் அதற்குப் பிறகு அப்பாவின் வாழ்க்கை. வேறு எங்கும் இடம் பார்க்கச் சம்மதிக்கவில்லை. புதுப்பட்டியில் மலிவாக ஒன்று வந்தது. காதில் வாங்கவில்லை.

சித்தப்பா 1992இல் வீடு கட்ட ஆரம்பித்தார். மூன்று பக்கமும் காம்பவுண்டு சுவர் எழுப்பினார். மேற்குப் பக்கம் எழுப்பவில்லை. அண்ணாச்சி வந்து வாங்கியதும் இரண்டு மனைக்கும் நடுவில் ஒரே சுவராகக் கட்டிக்கொள்ளலாம், ஆளுக்குப் பாதிச் செலவு என்றார். எங்கள் ஊரில் உடன்பட்ட வீடுகளுக்குள் அப்படி உண்டு. அப்பா தன் பாதியைத் தருவேன் என்று சொன்னார், ஆனால் அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டார். அந்தத் திறந்த பக்கம் தன்னைப் பார்த்து இளிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாராம்.

இப்போது அப்பா சித்தப்பாவைப் பார்த்து அப்படியே செய்தார். 1992 முதல் வீட்டுச் செலவுக்கு மட்டும் டிராஃப்ட் வந்தது. மிச்சம் பிடித்தது எல்லாம் ஷார்ஜாவில், அவர் பெயரில் மட்டும், திர்ஹாமில். காசிராஜன் சொன்ன என்.ஆர்.இ. கணக்கைத் திறக்கச் சொல்லி நான் கேட்டேன். அதுவும் ரூபாய்தானே என்றார். ரூபாய் என்ற சொல்லையே அவர் வேறு மாதிரி உச்சரிக்க ஆரம்பித்திருந்தார்.

தொடக்கத்தில் அது சரியாகவும் தெரிந்தது. 1993 மார்ச்சில் திர்ஹாம் எட்டரை ரூபாய் ஆயிற்று. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. ஆறு மாதம், ஒரு வருடம், அசையவில்லை. ஷார்ஜா பாங்கு வட்டி மூன்று சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இங்கே டெபாசிட்டுக்குப் பத்து. விலைவாசியும் வருடத்துக்குப் பத்து ஏறிக்கொண்டிருந்தது. 1984இல் சித்தப்பாவுக்குப் பலித்த அதே காரியம் இப்போது தலைகீழாக வேலை செய்தது. அது சித்தப்பாவுக்கும் தெரியாது, ஆனால் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்ததால் திர்ஹாம் வந்த வேகத்தில் செங்கலாகிவிட்டது.

1994 ஆகஸ்டில் அப்பா வந்தார். அதுதான் கடைசியாக வந்தது. ஷார்ஜாவில் பதிமூன்றாயிரம் திர்ஹாம் இருந்தது. எட்டரையால் பெருக்கினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அம்மா டெபாசிட் ஐம்பத்தொன்பதாயிரம் ஆகியிருந்தது. சுப்புராஜ் மேற்கு மனைக்கு ஒன்றரை லட்சம் சொன்னார். பத்திரச் செலவும் சேர்த்துப் போதும்.

சுப்புராஜ் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அம்மாவும் வந்திருந்தாள். சுப்புராஜ் அட்வான்ஸ் கூட வேண்டாம், தேதி சொன்னால் போதும் என்றார். அப்பா, திர்ஹாம் பத்து ரூபாய் ஆகட்டும், அப்போது எடுக்கிறேன் என்றார்.

"பத்து ஆனா எனக்கென்ன ஞானதுரை? எங்க மனை சும்மா இருக்குமா?"

"எலியேசருக்கு மூணு ரூவா ஏழாச்சு. எனக்கு எட்டரை பத்தாவது ஆக வேண்டாமா?"

"சரே," என்றார் சுப்புராஜ். அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஆகட்டும் என்று அர்த்தம். "உனக்கு மனை வேணுமா, எலியேசர ஜெயிக்கணுமா? ஒண்ணச் சொல்லு."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அன்று அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். ஒரு தொட்டியில் மூன்று லிட்டர் விழுகிறது, பத்து லிட்டர் ஒழுகுகிறது. குழாயில் அழுத்தம் கூடும் என்று காத்திருக்கிறீர்கள், கூடுமென்று யார் சொன்னது என்றேன். பம்பு பார்க்கிறவர், அவருக்குப் புரியாமல் இல்லை. அவர் சொன்னார்: "அவனுக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. அவனுக்குக் கூடுச்சுல்ல."

திர்ஹாம் அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எட்டரையிலேயே நின்றது. 1995 கடைசியில் ஏற ஆரம்பித்தது. 1996 பிப்ரவரி முதல் வாரம் பத்தைத் தொட்டது. அப்பா பூத்துக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். நானும் ஓடினேன். ரிசீவருக்கு வெளியேயும் அவர் குரல் கேட்டது. இருபதாயிரம் திர்ஹாம் இருக்கிறது, இரண்டு லட்சம், உன் டெபாசிட் அறுபத்தெட்டாயிரம், சுப்புராஜிடம் போய்ப் பேசு என்றார். மனை விலை அதற்குள் இரண்டேகால் லட்சம். அதுவும் சமாளிக்கலாம்.

"இன்னைக்கே டிராஃப்ட் எடுத்துருங்க," என்றாள் அம்மா.

"நாளைக்குப் பாக்குதேன். இன்னும் கொஞ்சம் ஏறும்போல இருக்கு. எலியேசர் அவன் கூட்டாளிகட்ட பதினொண்ணுன்னு சொல்லிட்டு இருந்தான்."

மறுநாள் கொஞ்சம் ஏறியது. எடுக்கவில்லை. மார்ச்சில் ஒன்பதரைக்குக் கீழே வந்துவிட்டது. மறுபடி பத்து வரட்டும் என்றார்.

ஏப்ரலில் ஆலையில், பம்பு ஹவுஸ் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். அவருக்கு ஐம்பத்தொரு வயது. சித்தப்பாதான் அப்போது ஷிப்டில் இருந்தார். அவர்தான் தூக்கினார். உடலோடு விமானத்தில் வந்தவரும் அவர்தான்.

அடக்கச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். காசிராஜன் மாற்றலாகிப் போயிருந்தார். வேறு ஒருவர் இருந்தார். டெபாசிட் அம்மா பெயரில் இருந்ததால் ஒரு கையெழுத்துப் போதுமாயிற்று. முதிர்வுக்கு முன்னால் உடைத்ததால் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அரை மணி நேர வேலை.

ஷார்ஜா பணம் அப்படி இல்லை. அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கு. இறந்த செய்தி போனதும் பாங்கு முடக்கிவிட்டது. ராஜபாளையம் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழ். அதற்குச் சென்னையிலும் டெல்லியிலும் முத்திரை. அரபியில் மொழிபெயர்ப்பு. சித்தப்பா பெயருக்குப் பவர். பிறகு ஷார்ஜா கோர்ட். ஒன்றே முக்கால் வருடம் ஆயிற்று. சுப்புராஜ் சில மாதம் பொறுத்தார். மகள் கல்யாணம் வந்தது. மேற்கு மனையைச் சிவகாசிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். விற்பதற்கு முன் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விற்றார்.

1998 ஜனவரியில் சித்தப்பா வேலையை விட்டு நிரந்தரமாக வந்தார். டிராஃப்டைக் கையோடு கொண்டுவந்தார். அம்மா பெயரில். திர்ஹாம் அன்று பத்து ரூபாய் அறுபது காசு. அப்பா கேட்டதற்கு மேலே.

அம்மா அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் டெபாசிட் போட்டாள். வட்டி எவ்வளவு என்று கேட்கவில்லை. என் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா வீட்டில் இறங்கினோம். மேற்கு மனையில் சிவகாசிக்காரர் அஸ்திவாரத்துக்கு ஜல்லி இறக்கியிருந்தார். சித்தப்பா தன் எல்லைக்குள்ளேயே, தன் செலவிலேயே, அந்தப் பக்கத்துச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தார். கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். இடுப்பு உயரம் வந்திருந்தது. அம்மாவும் சித்தியும் உள்ளே போனார்கள். அவர் என்னிடம் பேசினார்.

"ஏட்டி, உங்கப்பாவுக்கு என் மேல எரிச்சல். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சாரு."

வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. ரேட்டு ஏறுன அன்னைக்கு நான் ரூமுக்கு வந்து சத்தமாச் சொன்னதே அவருக்குக் கேக்கணும்னுதான். பதினொண்ணுன்னு சொன்னதும் சும்மாதான். எனக்கென்ன தெரியும்?" சாந்துக் கரண்டியை எடுத்து வாளியில் கழுவினார். "வீடு கட்டுனதுகூட அவரு பாக்கத்தான். இப்ப யாரு பாக்கா?"

நான் என் தொழிலில் தினமும் அழுத்தமானிகளைப் பார்க்கிறேன். ஒன்றைவிட ஒன்று எவ்வளவு கூட என்பதைத்தான் பெரும்பாலான கருவிகள் காட்டும். ஒன்றை மட்டும் தனியாக வைத்தால் அவை எதுவும் காட்டாது. அப்பாவிடமும் வேறு அளவுகோல் இருக்கவில்லை. இது சித்தப்பாவுக்கும் பொருந்தும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. அவர் இங்கே நிற்கிறார், அப்பா நிற்கவில்லை. அவருக்கு வீடு இருக்கிறது. அவர் எதை எந்த விலைக்குப் போட்டாலும் உயிரோடு இருந்து எடுத்தார். சித்தி உள்ளே அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்பா மேல் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு முழுதாக விளங்கியது.

அம்மா வெளியே வந்தாள். சுவரைப் பார்த்தாள். பாதிச் செலவு எவ்வளவு என்று சித்தப்பாவிடம் கேட்டாள்.

"அது நம்ம மனை இல்லையே, மதனி."

"அவிய தருவேன்னுதான சொல்லியிருந்தாக," என்றாள் அம்மா. கைப்பையைத் திறந்தாள்.

சித்தப்பா வாங்க மறுத்தார். இரண்டு முறை மறுத்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.